பிள்ளைக்கு குரோம்புக்கா விண்டோஸ் லப்டொப்பா? காசு குடுக்க முதல் பாக்க வேண்டியது

யூனிட்டி பிளாசா பக்கம் ஒருக்கா போய் விலை கேட்டுட்டு வாற ஆக்கள் எல்லாரும் கடைசியா இந்தக் கேள்வியிலதான் வந்து நிக்கினம். ஒரு கடையில, விண்டோஸுக்குப் பதிலா கூகிளின்ர குரோம் ஓஎஸ் ஓடுற பழைய குரோம்புக் ஒண்டைக் காட்டி "ஸ்கூல் பிள்ளைக்கு இது போதும், வைரஸும் வராது, பற்றரியும் நாள் முழுக்க நிக்கும்" எண்டு சொல்லுவான், அடுத்த கடையில விண்டோஸ் லப்டொப் ஒண்டைக் காட்டி "குரோம்புக்கில ஒண்டும் போட ஏலாது, பேசாம இதை எடுங்கோ" எண்டு சொல்லுவான். ரெண்டு பேர் சொல்றதிலயும் பாதி உண்மை இருக்கு, அதுதான் பிரச்சினை.

இங்க நான் புது மெஷின் பற்றிக் கதைக்கேல்ல. கொழும்பு ஷோரூமுகளில புதுக் குரோம்புக் காண்றதே அபூர்வம், எங்கட கைக்கு வாறது அனேகமா வெளிநாட்டு ஸ்கூல்களில பாவிச்சு முடிச்சு கண்டெய்னர்ல வந்த பழசுகள். விண்டோஸ் பக்கமும் கம்பனிகள் கழிச்ச டெல், ஹெச்பி, லெனோவா தான் பெற்றார் வாங்குற விலையில கிடைக்குது. அதால பழசுக்கும் பழசுக்கும்தான் இந்த ஒப்பீடு.

ஒரு உதாரணத்தை வச்சே போவம். வெள்ளவத்தையில எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காட மகள், ஒன்பதாம் ஆண்டு, வாற வருசம் பத்து, ஓ.எல்லுக்கு ஐசிடி எடுக்கிறதா முடிவு. அவவுக்கு முன்னால ரெண்டு சொய்ஸ் இருந்தது. ஒண்டு 11.6 இஞ்ச் குரோம்புக், 4 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ். மற்றது டெல் லாட்டிடியூட் 7490, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. குரோம்புக்கின்ர விலை லாட்டிடியூட்ட விட பாதிக்கும் கொஞ்சம் குறைவு.

எதை வச்சு முடிவெடுக்கிறது

ராம் எவ்வளவு, ஸ்க்ரீன் எவ்வளவு எண்டு பாக்க முதல் மூண்டு விஷயத்தை யோசிக்கோணும். முதலாவது, பிள்ளை இந்த மெஷின்ல எதை ஓட்டியே ஆகோணும்? ஆசைக்கு ஓட்டுறதை விடுங்கோ, பாடத்துக்கு வேண்டியது என்ன எண்டு பாருங்கோ. ரெண்டாவது, இன்னும் எத்தினை வருசத்துக்கு இதுக்கு அப்டேட் வரும்? மூண்டாவது, பழுதாப் போனா பம்பலப்பிட்டியில யாராவது திருத்தித் தருவினமா? விலை இந்த மூண்டுக்கும் பிறகுதான், ஏனெண்டா குறைஞ்ச விலைக்கு எடுத்த மெஷினுக்கு ஒரு வருசத்தில மாற்று வாங்க வந்தா அது குறைஞ்ச விலையே இல்ல.

குரோம்புக்: எது ஓடும், எது ஓடாது

பிரவுசர்ல திறக்கிற எல்லாம் ஓடும். சூம் கிளாஸ், கூகிள் கிளாஸ்ரூம், வட்ஸ்அப் வெப், இ-தக்சலாவ, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர பாடப்புத்தக பிடிஎஃப், பாஸ்ட் பேப்பர், யூடியூப், ஒண்டிலயும் பிரச்சினை இல்ல. ஸ்க்ராட்ச் பிரவுசர்லயே ஓடும். பிளே ஸ்டோரும் இருக்கிறதால அண்ட்ரொய்ட் அப் கனக்கப் போடலாம். ஆறு, ஏழு, எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதுக்கு மேல தேவை வாறது குறைவு. நெட் இல்லாத நேரம் ஒண்டும் செய்ய ஏலாது எண்டு சொல்றதும் பிழை, கூகிள் டொக்ஸில ஓஃப்லைன் செற்றிங்க முதலே ஒன் பண்ணி வச்சா எழுதலாம், பேந்து நெட் வந்ததும் தானா ஏறிடும்.

ஓடாதது: விண்டோஸுக்கு எண்டு செய்த `.exe` ஃபைல் ஒண்டும் ஓடாது. மைக்ரோசொஃப்ட் வேர்ட், எக்செல் வேணுமெண்டா பிரவுசர்ல இருக்கிற வெர்ஷன்தான், அண்ட்ரொய்ட் ஒபீஸ் அப்பைக் குரோம்புக்கில பாவிக்கிறதை மைக்ரோசொஃப்ட் 2021லேயே நிப்பாட்டிட்டுது. வெப் எக்செல்ல சாதாரண ஃபோர்மியூலா, சார்ட் எல்லாம் செய்யலாம், மக்ரோ ஓடாது. டேட்டாபேஸ் செய்ற மைக்ரோசொஃப்ட் அக்சஸுக்கு வெப் வெர்ஷனே இல்ல.

இங்கதான் ஐசிடி பிள்ளைக்கு இடிக்குது. இப்ப பாவனையில இருக்கிற ஓ.எல் ஐசிடி புத்தகத்தில ஸ்ப்ரெட்ஷீட், டேட்டாபேஸ், புரோகிராமிங்குக்கு பாஸ்கல், வெப்பக்கம் செய்றது எல்லாம் வருது. ஸ்ப்ரெட்ஷீட்டையும் வெப்பக்கத்தையும் குரோம்புக்கில சமாளிக்கலாம். டேட்டாபேஸுக்கும் பாஸ்கலுக்கும் குரோம்புக்குக்குள்ள லினக்ஸ ஒன் பண்ணோணும். `Settings`ல `About ChromeOS`க்குப் போய் `Developers` எண்ட இடத்தில `Linux development environment` எண்டு இருக்கும். அதைப் போட்டா ஒரு கறுப்பு டெர்மினல் வரும், அதில இப்பிடி அடிச்சா பாஸ்கல் வந்திடும்:

```
sudo apt update
sudo apt install fpc
```

பேந்து பிள்ளை எழுதின ஃபைல் `kooddal.pas` எண்டா,

```
fpc kooddal.pas
./kooddal
```

எண்டு ஓட்டலாம். டேட்டாபேஸுக்கு இதே லினக்ஸ்ல லிப்ரே ஒபீஸ் போட்டா அதோட பேஸ் எண்டு ஒண்டு வரும். ஆனா டீச்சர் வகுப்பில காட்டுறது அக்சஸ் எண்டா, அவ "இந்த பட்டனை அமத்துங்கோ" எண்டு சொல்ற பட்டன் பிள்ளைட ஸ்க்ரீன்ல இல்ல. கெட்டிக்காரப் பிள்ளை தேடிப் பிடிச்சிடும், மற்றப் பிள்ளை "அம்மா என்ட கொம்பியூட்டர்ல இது இல்ல" எண்டு மூடி வச்சிடும்.

அதோட லினக்ஸுக்கு எண்டு மெஷின் 10 ஜிபி அளவு ஒதுக்கச் சொல்லும். 32 ஜிபி மெஷின்ல சிஸ்டம் தின்றது போக மிச்சத்தில இந்தப் பத்தையும் எடுத்தா அப் போட, வீடியோ வைக்க இடம் இராது. 4 ஜிபி ராமில லினக்ஸும் ஓடி, நாலைஞ்சு ரப்பும் திறந்திருந்தா இழுபடும். வழி இருக்கெண்டுறது உண்மை, அக்காட மகளுக்குக் காட்டின மெஷினுக்கு அந்த வழி ஒடுக்கம்.

ஓ.எல் ஐசிடி சோதினை எழுத்துப் பேப்பர்தானே, மெஷின்ல ஓட்டிப் பாக்காட்டி என்ன எண்டு சில பெற்றார் கேப்பினம். பேப்பர்ல பாஸ் பண்ணலாம்தான். ஆனா `begin`க்கு `end` போட மறந்ததையும் செமிகொலன் விட்டதையும் கொம்பைலர் திட்டும்போதுதான் பிள்ளைக்கு மனசில நிக்கும், கொப்பியில சிவப்புப் பேனா போட்டு ஒரு கிழமைக்குப் பிறகு வந்தா நிக்காது.

பாமினி எண்ட தலையிடி

இதை எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான். எங்கட தமிழ் மீடியம் டீச்சர்மார், டியூட்டரிக்காரர் கனபேர் இண்டைக்கும் நோட்ஸ் அடிக்கிறது பாமினி எழுத்துருவில. அதை வேர்ட் ஃபைலா வட்ஸ்அப்பில போட்டு விடுவினம். விண்டோஸ்ல பாமினி ஃபொண்ட் ஃபைலை ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் குடுத்தா முடிஞ்சுது. குரோம்புக்கில அந்த ஃபைலைக் கூகிள் டொக்ஸ்ல திறந்தா "தமிழ்" எண்ட இடத்தில `jkpo;` எண்டு நிக்கும், முழுப் பக்கமும் அப்பிடியேதான். கூகிள் டொக்ஸ்ல நாங்க நினைச்ச ஃபொண்டை ஏத்த ஏலாது. லினக்ஸ் ஒன் பண்ணி அதுக்குள்ள லிப்ரே ஒபீஸ் போட்டு ஃபொண்டையும் போட்டா திறக்கும், அல்லது பாமினியை யூனிக்கோடுக்கு மாத்துற வெப்சைட் ஒண்டில கொப்பி பேஸ்ட் பண்ணலாம், அட்டவணை எல்லாம் குழம்பும்.

பிடிஎஃபா வந்தா பிரச்சினை இல்ல, ஃபொண்ட் உள்ளேயே அடைஞ்சு வரும். அதால குரோம்புக் எடுக்கிறதெண்டா டீச்சர்ட ஒரு வார்த்தை, "பிடிஎஃப்பா அனுப்புவீங்களா டீச்சர்" எண்டு முதலே கேட்டு வைக்கிறது நல்லம். யூனிக்கோட் தமிழ் அடிக்கிறதுக்கு ரெண்டிலயும் குறை இல்ல, தமிழ்99, ஃபொனெட்டிக் எல்லாம் ரெண்டிலயும் இருக்கு.

பழைய குரோம்புக்கில ஒளிஞ்சிருக்கிற ரெண்டு செலவு

முதலாவது அப்டேட் திகதி. ஒவ்வொரு குரோம்புக் மொடலுக்கும் கூகிள் ஒரு கடைசித் திகதி வச்சிருக்கு. 2021இல இருந்து வந்த மொடலுகளுக்கு பத்து வருசம் எண்டு 2023இல அறிவிச்சவை, அதுக்கு முந்தினதில சிலதுக்கு நீடிப்பு இருக்கு, எல்லாத்துக்கும் இல்ல. கவனிக்க வேண்டியது, இந்தப் பத்து வருசம் நீங்க வாங்கின நாளில இருந்து இல்ல, அந்த மொடலின்ர பிளட்ஃபோர்ம் வெளிவந்த நாளில இருந்து. இங்க குறைஞ்ச விலைக்கு வாறதில கனக்க 2021க்கு முந்தினது. திகதி முடிஞ்சா மெஷின் அண்டைக்கே செத்துப் போகாது, ஆனா பிரவுசர் அப்பிடியே நிண்டிடும், பேந்து ஒண்டு ரெண்டு வருசத்தில வெப்சைட் ஒவ்வொண்டா "உங்கட பிரவுசர் பழசு" எண்டு சொல்லத் தொடங்கும். பிரவுசர்தான் முழு மெஷினும் எண்டதால அது பெரிய இழப்பு. கடையிலயே `Settings`ல `About ChromeOS`, பேந்து `Additional details` போய்ப் பாருங்கோ, அப்டேட் எந்த மாசம் எந்த வருசம் வரைக்கும் எண்டு எழுதியே இருக்கும். பிள்ளை ஓ.எல் எழுதுற வருசத்துக்கு முதல் முடியுதெண்டா வைச்சிட்டு வாங்கோ.

ரெண்டாவது இதைவிட மோசம். ஸ்கூலுக்கெண்டு வாங்கின குரோம்புக்க அந்த ஸ்கூல் தன்ர கணக்கில பதிஞ்சு வச்சிருக்கும். விக்கேக்க பதிவை எடுக்காம விட்டா, மெஷினை எத்தினை தரம் ரீசெற் பண்ணினாலும் நெட்டில போட்டதும் திரும்பப் பழைய ஸ்கூலின்ர லொகின் பக்கத்துக்கே போய் நிக்கும். உங்கட ஜிமெயில் அதில ஏறாது. சில பேர் இதை மறைக்க மெஷினை டெவலப்பர் மோடில வச்சு விக்கினம். அது தெரியவாற விதம் சுலபம்: சுவிட்ச் ஒன் பண்ணினதும் `OS verification is OFF` எண்டு ஒரு ஸ்க்ரீன் வந்து நிக்கும். அந்த நேரம் பிள்ளை ஸ்பேஸை அமத்தி, அடுத்து வாறதுக்கும் ஓம் குடுத்தா மெஷின்ல இருந்த அவ்வளவும் அழிஞ்சு, பழைய ஸ்கூல் லொகின் வெளிய வந்திடும்.

கடையில செய்ய வேண்டியது இதுதான். லொகின் ஸ்க்ரீன்ல Ctrl, Alt, Shift, R நாலையும் சேத்து அமத்தி பவர்வாஷ், அதாவது முழுசா ரீசெற், பண்ணச் சொல்லுங்கோ, உங்கட ஃபோன் ஹொட்ஸ்பொட்டைக் குடுத்து, உங்கட ஜிமெயில்லயே உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ. பேந்து அட்ரஸ் பார்ல `chrome://policy` அடிச்சு, நீங்க போடாத கட்டுப்பாடு ஏதும் வரிசையா நிக்குதா எண்டு பாருங்கோ. "இப்ப நேரமில்ல அண்ணா, நம்பி எடுங்கோ" எண்டா எடுக்காதேங்கோ.

குரோம்புக்குக்கு விண்டோஸ் ஏத்தித் தாறம் எண்டு சொல்றவையும் இருக்கினம். ஃபர்ம்வேரை மாத்தி ஏத்தலாம், ஆனா சவுண்ட், டச்பேட் டிரைவர் இழுபறி, 32 ஜிபியில விண்டோஸ் 11க்கு இடமே காணாது, அது 64 ஜிபி கேக்கும். அந்தப் பக்கம் போகாதேங்கோ.

விண்டோஸ் லப்டொப்: எல்லாம் ஓடும், ஆனா எந்த விண்டோஸ்?

விண்டோஸ்ல என்ன ஓடும் எண்டு பெரிசா எழுதத் தேவையில்ல. அக்சஸ், பாஸ்கல், பாமினி, ஏ.எல்லுக்குப் போனா பைதன், மைஎஸ்கியூஎல், பிஎச்பி, எல்லாம் போடலாம். டீச்சர் காட்டுற அதே ஸ்க்ரீன் பிள்ளைக்கும் வரும். பழுதானா யூனிட்டி பிளாசாவில கீபோர்ட், பற்றரி, சார்ஜர் எடுக்கலாம், லாட்டிடியூட், திங்க்பேட் மாதிரி மெஷின்களின்ர ராமும் எஸ்எஸ்டியும் கனக்க மொடல்ல கழட்டி மாத்தலாம். குரோம்புக்கில ராமும் ஸ்டோரேஜும் அனேகமா போர்டோட ஒட்டினது, பாட்ஸ் கிடைக்கிறதும் கஷ்டம்.

இங்க விழுற இடம் வேற. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான சப்போர்ட்டை முடிச்சிட்டுது. விண்டோஸ் 11 முறையா ஏறோணுமெண்டா இன்டெல் புரோசசர்ல எட்டாம் ஜெனரேஷன் அல்லது அதுக்கு மேல வேணும். அதாலதான் ஆறாம், ஏழாம் ஜெனரேஷன் லப்டொப் எல்லாம் இப்ப மலிவு. ரெண்டு மெஷின் பக்கத்தில பக்கத்தில ஒரே மாதிரி மினுங்கும், விலையில மட்டும் வித்தியாசம் இருக்கும், காரணம் இதுதான். பாக்கிறது லேசு: `msinfo32` எண்டு அடிச்சு `Processor` வரியைப் பாருங்கோ. i5-7300U எண்டா கோட்டுக்குப் பிறகு ஏழு, ஏழாம் ஜெனரேஷன், வேணாம். i5-8350U எண்டா எட்டு, சரி. ஏழாம் ஜெனரேஷன்லயும் விண்டோஸ் 11 ஏத்திக் காட்டுவினம், குறுக்கு வழியில ஏத்தலாம், ஆனா வருசத்துக்கொருக்கா வாற பெரிய அப்டேட் தானா வராது, ஒவ்வொரு தரமும் யாரையாவது பிடிச்சு ஏத்தோணும்.

விண்டோஸ் பக்கத்தின்ர மறைஞ்ச செலவு திருட்டு லைசன்ஸ். கடையில வின்டோஸும் ஒபீஸும் "ஃபுல் அக்டிவேட்" எண்டு தருவினம். கொமாண்ட் புரொம்ப்டில இதை அடியுங்கோ:

```
slmgr /xpr
```

`permanently activated` எண்டா நிரந்தரம். ஒரு திகதியைக் காட்டி அதில முடியும் எண்டு வந்தா அது பெரும்பாலும் ஏதோ அக்டிவேட்டர் போட்டது, அந்த அக்டிவேட்டரை வேலை செய்ய விடுறதுக்கு அனேகமா டிஃபெண்டரை ஓஃப் பண்ணி வச்சிருப்பினம். பிறகு பிள்ளை கேம் மோட் எண்டு எதையோ டவுன்லோட் பண்ண, உங்கட பாஸ்வேர்ட் எல்லாம் போயிடும். கம்பனி லாட்டிடியூட்டுகளில அனேகமா விண்டோஸ் புரோ லைசன்ஸ் மெஷினோடயே வரும், அதால சுத்தமா ஃபோர்மட் பண்ணி ஏத்தித் தரச் சொல்லலாம். ஒபீஸுக்கு காசு குடுக்க விருப்பமில்லாட்டி லிப்ரே ஒபீஸ் போதும், திருட்டு ஒபீஸ் தேவையில்ல.

மற்றது பற்றரி. இதுக்கும் ஒரு கொமாண்ட் இருக்கு:

```
powercfg /batteryreport
```

ஒரு `battery-report.html` ஃபைல் வரும். அதில `DESIGN CAPACITY` 60,000 எண்டும் `FULL CHARGE CAPACITY` 36,000 எண்டும் இருந்தா பற்றரியில 60 வீதம்தான் மிச்சம். அந்த மாதிரி மெஷினுக்கு புதுப் பற்றரி விலையையும் சேத்துத்தான் கணக்குப் பாக்கோணும், அல்லது பேரம் பேசோணும். 2022இல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணின நாளுகள் ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்ல. இந்த விஷயத்தில குரோம்புக்தான் முன்னுக்கு நிக்கும், பழைய மெஷினே கன நேரம் ஓடும்.

டேட்டா பாவனையும் பாருங்கோ. டொங்கிள்ல ஓடுற வீட்டில விண்டோஸ் அப்டேட் பேசாம இருந்து ஜிபிக் கணக்கில இழுத்திடும். வைஃபை செற்றிங்க்ல அந்தக் கனெக்ஷனை `Metered connection` எண்டு போட்டு வைச்சா அடங்கும்.

ஒரே பார்வையில

| பாக்கிறது | பழைய குரோம்புக் | பழைய விண்டோஸ் லப்டொப் |
|---|---|---|
| சூம், பாடப்புத்தகம், ஸ்க்ராட்ச் | நல்லா ஓடும் | நல்லா ஓடும் |
| பாஸ்கல், டேட்டாபேஸ் | லினக்ஸ் போட்டா, இடம் இருந்தா | நேரா ஓடும் |
| பாமினி வேர்ட் ஃபைல் | சுத்தி வளைக்கோணும் | ஃபொண்ட் போட்டா சரி |
| அப்டேட் | மொடலுக்கேத்த திகதி | எட்டாம் ஜெனரேஷன்ல இருந்து |
| பற்றரி | நல்லம் | ரிப்போர்ட் பாக்கோணும் |
| திருத்தம் | பாட்ஸ் கஷ்டம் | பாட்ஸ் இருக்கு |
| பெரிய ஆபத்து | பழைய ஸ்கூல் லொக் | திருட்டு லைசன்ஸ் |

யாருக்கு எது

ஆறில இருந்து எட்டாம் ஆண்டு வரை, வீட்டில வேற கொம்பியூட்டர் ஒண்டும் இருக்கு, பிள்ளை கண்டதையும் இன்ஸ்டோல் பண்ற ஆள் எண்டா குரோம்புக் நல்ல சொய்ஸ். அப்டேட் திகதி தூர இருக்கோணும், லொக் இருக்கப்படாது. ஃபேமிலி லிங்கில பிள்ளைட கணக்கைப் போட்டு நேரத்தைக் கட்டுப்படுத்துறதும் இதில சுகம். பிள்ளை விழுத்தினாலும் ஸ்கூலுக்கெண்டு செய்த மொடலுகள் கொஞ்சம் தாங்கும்.

ஐசிடி எடுக்கப் போற பிள்ளை, ஏ.எல் வரைக்கும் ஒரே மெஷினை வச்சிருக்க வேணும், டியூட்டரி நோட்ஸ் எல்லாம் வேர்ட் ஃபைலா வருது எண்டா எட்டாம் ஜெனரேஷன் விண்டோஸ். காசு காணாட்டி ஸ்க்ரீனில ஒரு கீறல் இருக்கிற, வெளிப்பக்கம் பழசாத் தெரியுற மெஷினை எடுங்கோ, ஆனா ஜெனரேஷன்ல இறங்காதேங்கோ.

வீட்டில ஏற்கனவே ஆறாம், ஏழாம் ஜெனரேஷன் லப்டொப் ஒண்டு தூங்குதெண்டா இன்னொரு வழி இருக்கு. குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் எண்டு கூகிள் சும்மா குடுக்குது, அதை யூஎஸ்பியில ஏத்தி பழைய லப்டொப்பைக் குரோம்புக் மாதிரி ஆக்கலாம். பிளே ஸ்டோர் மட்டும் வராது. சின்னவருக்கு சூம் பாக்க அது காணும், ஒரு சதமும் செலவில்ல.

அக்கா கடைசியா லாட்டிடியூட்டத்தான் எடுத்தவ. i5-8350U, லைசன்ஸ் நிரந்தரம், பற்றரி மட்டும் 70 வீதத்துக்குக் கீழ நிண்டது, அதைக் காட்டிப் பேசி பற்றரிய மாத்தித் தரச் சொல்லி, மாத்தின பிறகு ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பாத்துட்டுத்தான் மிச்சக் காசு குடுத்தவ. பில்லில சீரியல் நம்பரும் வொறண்டி எத்தினை மாசம் எண்டதும் கையால எழுதி சீல் குத்தி வாங்கினவ, அதை நீங்களும் கேளுங்கோ, வாயால சொல்ற வொறண்டிய ரெண்டாம் மாசம் யாரும் ஞாபகம் வச்சிருக்க மாட்டினம்.